அப்பாவின் நினைவுப் பக்கத்தில் சித்தப்பாவின் முகம்

1

ஊரில் இருக்கும் உங்களில் சிலர், என் சித்தப்பா இறந்துவிட்டார் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சித்தப்பா ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். காலையில் நடக்கப் போகிறார். சர்க்கரை இல்லாத டீ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சர்க்கரை போட்ட டீயைக் குடிக்கிறார். இறந்தது என் அப்பா. அது போன வருஷம். இரண்டும் எப்படி ஒன்றாகக் கலந்தன என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய்.

நான் இருப்பது நார்வேயில், ட்ரொண்ட்ஹெய்ம் என்ற ஊரில். கப்பல் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. குளிர்காலத்தில் காலை பஸ்ஸில் ஏறும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்குள் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தான் உட்காருவார்கள், இல்லையென்றால் நிற்பார்கள். அப்படி ஒரு பஸ்ஸில் என் போன் அடித்தது. பீர்க்கன்கரணையிலிருந்து தங்கை வசந்தி. அப்பா கடைசிவரை அவளோடுதான் இருந்தார்.

"அண்ணா, என்னண்ணா பண்ணி வெச்சிருக்கே? சித்தப்பா செத்துட்டாருன்னு ஊரே பேசுது!"

"என்னது? எப்போ?"

"சாகலண்ணா! நல்லாத்தான் கீறாரு. இப்பதான் போன்ல கத்துனாரு. நீ அனுப்புன லிங்க்ல அவர் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கு, விளக்கு எரியுது. குரூப்பத் திறந்து பாரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒருவர் குரலை உயர்த்தினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். இந்தத் தடவை அவர்கள் நினைத்ததும் பாதி சரி.

2

அந்தப் பக்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

அப்பாவின் முதல் வருஷத் திதி வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல நினைவஞ்சலி போஸ்டர் அடித்து, ஏரிக்கரைத் தெருவிலும் பெருங்களத்தூரில் அப்பாவின் கடை இருந்த இடத்திலும் ஒட்டுவதாக வசந்தி சொன்னாள். அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர். பைப், குழாய், வாஷர், சுண்ணாம்பு பெயின்ட். யாரோ அவளிடம், இப்போதெல்லாம் போஸ்டரின் மூலையில் கட்டம் கட்டமாக ஒன்று போடுகிறார்கள், போனில் காட்டினால் இறந்தவருடைய பக்கம் திறக்கும், யார் வேண்டுமானாலும் படமும் நினைவும் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "நீதான் வெளிநாட்டுல கீறியே, நீ பண்ணு" என்றாள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்கு வரித்துறையிலிருந்து வரும் கடிதத்தைப் படிப்பதற்கே என் மகள் இனியா வேண்டும்.

அதனால் இதையும் இனியாவிடமே கொடுத்தேன். பதினாறு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கோபம் வந்தால் நார்வேஜிய மொழிக்குப் போய்விடுவாள். கேட்டவுடனே சரி என்றாள், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தாத்தா போனதிலிருந்து அவள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவர் போன சமயத்தில் அவளுடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது; இங்கே பாஸ்போர்ட் தருவதும் காவல் நிலையம்தான், அங்கே நேரம் வாங்கவே வாரக்கணக்கில் ஆனது. நான் மட்டும் பறந்து போய்க் காரியம் செய்துவிட்டு வந்தேன். திரும்பி வேலைக்குப் போன அன்று கிடங்கில் ஒருவர் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். நான் பதற்றத்தில், உங்களுக்கும் அப்படியே என்று சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இனியா தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினாள். அதனால் பக்கத்துக்கு உரிமையாளர் அவள்தான். என்னைத் துணை நிர்வாகியாகச் சேர்த்தாள். பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல நிரப்பினாள். அந்தத் தளத்துக்குத் திதி என்றால் தெரியாது, இங்கிலீஷ் தேதி மட்டும்தான் கேட்டது. அதன் கணக்குப்படி நினைவு நாள் வசந்தி வைத்திருந்த நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி வந்தது. எந்த நாளில் எல்லோருக்கும் நினைவூட்டல் போகும் என்று குழம்பி, கடைசியில் நினைவூட்டலையே அணைத்துவிட்டோம். பக்கத்தை லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம், கூகுளில் தேடினால் வராது. யார் வேண்டுமானாலும் நினைவு எழுதலாம், ஆனால் நிர்வாகி ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே தெரியும். பக்கத்துக்கு ஒரு தோற்றமும் தேர்ந்தெடுக்க வேண்டும். மெழுகுவத்தி, ரோஜா, கடற்கரை என்று வரிசையாக இருந்ததில், சாமந்தி மாலையும் அகல்விளக்கும் இருந்ததை இனியா எடுத்தாள். முகப்பில் போடும் படத்தைச் சுற்றித் தானாகவே மாலை விழும்.

வரைவை எனக்கு அனுப்பினாள். எழுத்துப் பிழை பார்த்தேன், சரி என்றேன். அப்போது படம் போடும் இடத்தில் சாம்பல் நிற வட்டம்தான் இருந்தது. படத்தைக் கடைசியில் போட்டு வெளியிட்டுவிட்டு லிங்க்கை எனக்கு அனுப்பினாள். நான் கிடங்கில் கையுறையைக் கழற்றாமலே அதை அப்படியே குடும்ப குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். கட்டத்தை போஸ்டர்காரருக்கு அனுப்பும் வேலையை வசந்தி பார்த்துக்கொண்டாள். அவளும் பக்கத்தைத் திறக்கவில்லை.

அன்று பஸ்ஸில் திறந்தேன். மேலே ஏகாம்பரம் என்று அப்பாவின் பெயர், கீழே அப்பாவின் தேதிகள். நடுவில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தது தணிகாசலம் சித்தப்பா.

3

சித்தப்பா அரசுப் பள்ளியில் பி.டி. சாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை அவர் விசிலுக்கு ஓடாத ஆள் குறைவு. அவரிடம் படித்தவர்களுக்கு அவர் பெயரே தெரியாது, பி.டி. சார் என்றால்தான் தெரியும். அதனால் அந்த லிங்க் யார் யார் கைக்கோ போனபோது, மேலே இருந்த பெயரை யாரும் படிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், மாலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அன்று ஊரில் சாயங்காலம் ஆனபோது சித்தப்பாவே கூப்பிட்டார்.

"டேய், ஒருத்தன் வூட்டுக்கே வந்துட்டான்டா. கையில ரோஜா மாலை. கதவ நான்தான் தொறக்கறேன். அவன் என்னப் பாக்கறான், மாலையப் பாக்கறான். என்கிட்டயே கேக்கறான், சார் எப்ப எடுக்கறாங்கன்னு."

"சித்தப்பா, மன்னிச்சிடுங்க, எப்படி நடந்துச்சுன்னே..."

"அதக் கேளுடா. சொன்னப்புறமும் அவனுக்கு வெளங்கல, பேஜாரா போச்சு. மாலைய இன்னா பண்றதுன்னு நின்னுகினு கீறான். சரி குடுடான்னு வாங்கி, சாமி படத்துல போட்டேன். டீ குடிச்சிட்டுப் போனான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முடிக்கும்போது, "சித்திதான் காலையிலருந்து சாப்பிடாம கீறா. உசுரோட கீறவனுக்கு மாலை போட்டா நல்லதில்லன்னு அழுவுறா. சீக்கிரம் எடுத்துருடா" என்றார்.

படத்தை உடனே எடுத்தேன். துணை நிர்வாகிக்கு அந்த அதிகாரம் உண்டு. முகப்பு மறுபடி சாம்பல் வட்டம் ஆனது. ஆனால் குரூப்பில் பார்த்தால் சித்தப்பா அப்படியே மாலையோடு இருந்தார். பலமுறை திறந்து மூடிப் பார்த்தேன், போகவில்லை. படத்தை மாற்றவேண்டும் என்று மட்டும் சொன்னதும், பள்ளிக்கூடம் விட்டு வந்த இனியாதான் விளக்கினாள். லிங்க்கை அனுப்பும் நேரத்தில் வாட்ஸ்அப் அந்தப் பக்கத்துக்குப் போய், தலைப்பையும் படத்தையும் எடுத்துச் செய்தியோடு ஒட்டிவிடுமாம். பிறகு பக்கத்தில் என்ன மாற்றினாலும், ஏற்கெனவே போன செய்தியில் மாறாதாம்.

"அப்போ என்ன செய்யறது?"

"உங்க மெசேஜை எல்லாருக்கும் டெலீட் பண்ணுங்க. அப்புறம் லிங்க் கடைசில ஒரு கேள்விக்குறி, ஒரு நம்பர் சேர்த்து அனுப்பினா புதுசுன்னு நினைச்சு திரும்பப் போய் எடுக்கும். ஆனா மத்தவங்க ஃபார்வேர்ட் பண்ணினது போகாது பாப்பா."

எங்கள் வீட்டில் அவள் என்னைப் பாப்பா என்பாள். நார்வேயில் அப்பாவுக்கு அதுதான் பெயர். ஊரிலிருந்து வருபவர்கள் கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நான் அழித்தேன். மற்றவர்கள் அனுப்பியது ஏரிக்கரையைத் தாண்டி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. எத்தனை பேர் போனில் என் சித்தப்பா செத்துக் கிடக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4

அதோடு விடவில்லை. நினைவுகள் வந்து குவியத் தொடங்கின.

ஒவ்வொன்று வரும்போதும் எனக்கு மின்னஞ்சல் வரும். புதிய நினைவு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. திறந்தால் எழுதியவர் பெயர், மறைந்தவருக்கு என்ன உறவு என்று அவர் பட்டியலில் தேர்ந்தெடுத்தது, எழுத்து, படம். கீழே மூன்று பொத்தான்: ஏற்க, மறைக்க, நீக்க. கிடங்கில் மதிய ரொட்டியைத் தின்றுகொண்டே படித்தேன். ஒருவர், சார் அடித்த விசிலில்தான் நான் போலீஸ் வேலைக்கு ஓடி ஜெயித்தேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மழையில் கபடி ஆடவிட்டதற்காகத் தலைமை ஆசிரியரிடம் சார் திட்டு வாங்கியதை எழுதியிருந்தார். இப்படி வந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இவ்வளவு கண்ணீரா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்பாவைப் பற்றி வந்தது மிகவும் கொஞ்சம். கடைக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தவர், அமைதியான மனிதர் என்று எழுதினார். வசந்தி, அப்பா ஐ மிஸ் யூ என்று எழுதினாள். ஆல்பத்திலிருந்து போனில் எடுத்த படங்களையும் அனுப்பினாள், எல்லாவற்றிலும் ட்யூப்லைட் அப்பாவின் முகத்திலேயே விழுந்திருந்தது. அப்பா பேசாத மனிதர். பின்னாளில் காதும் கேட்காமல் போனதும் சுத்தமாகப் பேசுவதில்லை. பேசாதவரைப் பற்றி யார் என்ன எழுதுவார்கள்? எனக்கே நினைவு எழுதும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. என் அப்பாவுக்கு என்று திறந்த ஒரே இடம், அதிலும் அவர் ஓரமாக நிற்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல். சித்தப்பாவைப் பற்றி வந்ததை வேறு பக்கத்துக்கு மாற்ற முடியாது. மறைக்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான். நீக்கினால் எழுத்தும் படமும் திரும்ப வராது. எழுதியவர்கள் பிரதி வைத்திருக்கப் போவதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் காத்திருக்கும் வரிசையிலேயே விட்டுவைத்தேன்.

குரூப்பில் பெரியவர்கள் எல்லாம், பக்கத்தையே அழித்துவிடு, அபசகுனம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வசந்தி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"போஸ்டர் அடிச்சாச்சுண்ணா. பாதி ஒட்டியாச்சு. அந்தக் கட்டம் இந்தப் பக்கத்துக்குத்தானே போகுது? நீ அழிச்சிட்டு வேற பக்கம் தொறந்தா அட்ரஸ் மாறிடுமாமே. திதிக்கு வர்றவங்க போனைக் காட்டினா ஒண்ணுமே இல்லன்னு வரும். அப்பாவுக்கு அது கூட இல்லையா?"

அழிப்பதானாலும் என்னால் முடியாது. துணை நிர்வாகிக்கு அந்தப் பொத்தான் காட்டாது. உரிமையாளர்தான் அழிக்க வேண்டும். இனியாவிடம் பேசவேண்டும், அந்தப் படத்தை ஏன் போட்டாள் என்றும் கேட்கவேண்டும். அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை. கைதவறி ஏதோ ஒன்று ஏறிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் சமையலறை மேஜையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"இனியா, அந்தப் போட்டோவ எங்கிருந்து எடுத்தே?"

"என் போட்டோதான். நாம ஜூவுக்குப் போனப்போ எடுத்தது. ஏன் எடுத்துட்டீங்க? யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"அது சின்னத் தாத்தாம்மா. என்னோட சித்தப்பா."

அவள் பென்சிலை வைத்தாள். "இல்ல. அது தாத்தா."

"அவரும் தாத்தாதான். ஆனா செத்துப்போனது என்னோட அப்பா."

"தெரியும். உங்க அப்பாதான் தாத்தா. ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனாரே. ஞாயித்துக்கிழமை வீடியோல பேசுவாரே."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு நாங்கள் போனபோது அவளுக்கு ஆறு வயது. அதன்பிறகு அவள் ஊருக்குப் போகவில்லை. ஞாயிறுதோறும் சித்தப்பா பீர்க்கன்கரணைக்கு அண்ணனைப் பார்க்க வருவார். அப்பாவுக்குக் காது கேட்காது, போனில் தன் முகம் தெரிந்தால் வெட்கம் வேறு. சித்தப்பாதான் போனைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, தாத்தா பேசறேன்" என்று ஆரம்பிப்பார். அவர் பொய் சொல்லவில்லை, எங்கள் முறைப்படி இரண்டு பேரும் அவளுக்குத் தாத்தா. அவள் அம்மாவின் அப்பாவைத் திருச்சி தாத்தா என்பாள். இவர் தாம்பரம் தாத்தா. தாம்பரம் தாத்தா ஒருவர்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். பெரியவர்கள் பெயரை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. அப்பா போனபின் சித்தப்பா அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அண்ணன் இல்லாத வீட்டில் என்ன வேலை என்று. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் நின்றது. இங்கே இவளுக்கு, தாத்தா செத்துப்போய்விட்டார், அதனால் வருவதில்லை. கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது.

ஒரு வருஷமாக என் மகள், ராஜகீழ்ப்பாக்கத்தில் நடக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதருக்காக அழுதிருக்கிறாள்.

அவளும் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்தாள். முகம் மாறியது.

"அப்போ... தாத்தா சாகலையா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள், நார்வேஜிய மொழியில் ஏதேதோ சொல்கிறாள். என் கையைப் பிடித்து உலுக்குகிறாள். எனக்கும் சிரிக்கத்தான் தோன்றியது. அதே நேரம், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. அவள் சந்தோஷப்படுகிறாள் என்றால், செத்தது வேறு யாரோ என்று அர்த்தம். அந்த வேறு யாரோ என் அப்பா.

அவள் அமைதியானதும் கேட்டாள்: "அப்போ உங்க அப்பா யாரு? நான் பார்த்திருக்கேனா?"

கூடத்துச் சுவரில் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் இருக்கிறது. அந்த வயதில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஜாடை, அதைக் காட்டிப் பயனில்லை. வசந்தி அனுப்பிய ஆல்பப் படங்களில் ட்யூப்லைட் அடிக்காத ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவள் உற்றுப் பார்த்தாள்.

"இவரா? வீடியோல தாத்தாவுக்கு டீ கொண்டுவந்து குடுப்பாரே, அவரா? நான்... அந்த வீட்ல வேலை செய்யறவர்னு நெனச்சேன், பாப்பா."

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவவேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லை.

6

பக்கத்தை அழிக்கச் சொல்லலாமா என்று அன்றைக்கு அவளிடம் நான் கேட்கவில்லை. சித்தப்பாவோடு பேசவேண்டும் என்று அவளே சொன்னாள். வீடியோவில் கூப்பிட்டோம்.

"இன்னாம்மா," என்றார் சித்தப்பா, "செத்தவன் பேசறேன்."

அவள் அழுதாள். அவர் பயந்துபோய், சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நினைத்துக்கொண்டிருந்ததை, டீ கொண்டுவருகிறவர் என்றதையும் சேர்த்து. சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யோ அண்ணா" என்றார். எங்களிடம் சொல்லவில்லை.

இனியா அந்த நினைவுப் பக்கத்தில் முதல் ஆளாக ஒரு நினைவு எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி வைத்திருந்தாள். நார்வேஜிய மொழியில். பக்கத்தில் மொழிமாற்றும் பொத்தான் உண்டு, அது செய்த தமிழை நான் முன்பே மேலோட்டமாகப் பார்த்து, இது என்ன மொழி என்று மூடிவிட்டேன். இப்போது அவளே சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னாள், திக்கித் திக்கி.

"நீங்க என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனீங்க, யானை பார்க்க. விசில் அடிச்சீங்க. ஞாயித்துக்கிழமை நிறைய கேள்வி கேப்பீங்க. ஸ்கூல்ல என்ன சாப்பிட்டே, ஓடறியா, எல்லாம். அப்புறம் பைப் பத்தி. எங்க வீட்ல தண்ணி பைப் செவுத்துக்கு உள்ள போகுதா, வெளிய போகுதா. குளிர்ல தண்ணி உறைஞ்சு பைப் வெடிக்காதா. ஒவ்வொரு வாரமும். எனக்கு சிரிப்பா வரும். கடைசியா கேட்டப்போ, பாப்பாகிட்ட கேட்டு சொல்றேன்னேன். சொல்லவே இல்ல."

"பைப்பா?" என்றார் சித்தப்பா. "பைப்பப் பத்தி எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் விசில் அடிக்கறவன்."

இனியா என் பக்கம் திரும்பினாள்.

"அது உங்க தாத்தா. பக்கத்துல உக்காந்துகினு என் தொடையக் கிள்ளுவாரு. பைப்பக் கேளு, பைப்பக் கேளுன்னு. நான் வேணாம்ண்ணா, கொழந்தகிட்ட போய் இன்னாத்த கேக்கறதும்பேன். வுடமாட்டாரு. நீ சொல்ற பதில அவரு காதுல நான் கத்தணும். அவ்ளோ குளுருல பைப் எப்பிடி நிக்கிதுன்னு அவருக்கு ஒரே கவல. அந்த வூட்ல கொழந்த கீதேன்னு."

பைப் கடைக்காரர் கடல் தாண்டி இருக்கும் பேத்தியிடம் வேறு என்ன கேட்பார்? ஞாயிறுதோறும் அந்த அறையில் நானும் எங்காவது இருந்தேன். கேள்வி என் காதிலும் விழுந்திருக்கும். சித்தப்பா வாயிலிருந்து வந்ததால் சித்தப்பாவின் கேள்வி என்றே போயிருக்கிறது. இப்போதும் எனக்குக் குழப்பம்தான். ஸ்கூல்ல என்ன சாப்பிட்டே என்பது அப்பா கேட்டதா, சித்தப்பா கேட்டதா? சித்தப்பாவுக்கே ஞாபகமில்லை. "எது அவரு, எது நானுன்னு பிரிக்க முடியாதுடா" என்றார்.

பேசி முடித்ததும் இனியா கணினியைத் திறந்தாள். நான் நீக்கிய படம் முகப்பிலிருந்துதான் போயிருந்தது, தளத்தின் படத்தொகுப்பில் முழுதாக இருந்தது. முகப்புக்கு என்று வட்டமாக வெட்டிக் காட்டினாலும், தளம் மூலப்படத்தை அப்படியே வைத்திருக்கும், வட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம் என்றாள். படத்தைப் போட்டு, சித்தப்பாவின் முகத்தின் மேல் இருந்த வட்டத்தைச் சுட்டியால் பிடித்து இடது பக்கமாக இழுத்தாள். சித்தப்பாவின் தோளும், அதன் மேல் ஆறு வயது இனியாவின் காலும் வெளியே போயின. ஓரத்தில் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் தோளின் மேல் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். இன்னொரு கையில் சின்னதாக ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு.

"அது என்னோடதா?"

"ஆமாம்."

முகத்தைப் பெரிதாக்கினாள். தெளிவு குறைவாக இருக்கிறது, வேறு படம் போடுகிறீர்களா என்று தளம் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திச் சேமித்தாள். மாலை சரியான ஆளின் கழுத்தில் விழுந்தது. கட்டத்தின் முகவரி மாறவில்லை, வசந்தியின் போஸ்டர் தப்பித்தது. முழுப் படத்தைத் தொகுப்பில் மாலை இல்லாமல் வைத்தாள். சித்தியிடம் கேட்டேன், அது பரவாயில்லை, மாலை இல்லாத படத்தில் யார் இருந்தாலும் தோஷமில்லை என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

வரிசையில் காத்திருந்த பி.டி. சார் நினைவுகளை ஒவ்வொன்றாகச் சித்தப்பாவுக்கே படித்துக் காட்டிவிட்டு, அவருடைய போனுக்கு அனுப்பி, பிறகு பக்கத்திலிருந்து நீக்கினேன். போலீஸ்காரர் எழுதியதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

இனியா தன் நினைவைத் திருத்த உட்கார்ந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். எந்த வரியில் எந்தத் தாத்தா என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு எழுத்தும் மாற்றாமல் மூடினாள். பிறகு என்னிடம் வந்து, "பாப்பா, நம்ம பைப் எங்க இருக்கு?" என்றாள்.

எனக்கும் சரியாகத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருக்கிறேன், பார்த்ததில்லை. இருவரும் கீழே நிலவறைக்குப் போனோம். பனிச்சறுக்கு மட்டைகளையும் பழைய பெட்டிகளையும் நகர்த்தினால், தெருவிலிருந்து வரும் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. கறுப்பு நுரையுறை சுற்றி, அதன்மேல் மெல்லிய வெப்பக் கம்பி ஓடியது. தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடாக இருந்தது. போனில் படம் எடுத்தாள்.

திதியன்று ஊரில் இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு மின்னஞ்சல் வந்தது, பக்கத்தில் புதிய நினைவு. திறந்தேன். அந்தக் கறுப்புக் குழாயின் படம். கீழே தமிழில், பிழையோடு: தாத்தா, பைப் உள்ளதான் போகுது. சூடா இருக்கு. வெடிக்காதுங்க.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் வசந்தி: "அண்ணா, போஸ்டரக் காட்டினா அப்பா பக்கத்துல ஏதோ பைப் போட்டோ வருது. வந்தவங்க எல்லாம் கேக்கறாங்க. தப்பா ஏத்திட்டாளா?"

நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே சித்தப்பாவின் குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னால் பந்திச் சத்தம்.

"தப்பு இல்ல வசந்தி. அண்ணன் கேட்டுகினே இருந்தாரு. இப்பதான் பதில் வந்துகீது."